நில்லாமல் ஓடியும் குளிராத ஃபிரிட்ஜ்: வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

டிசம்பர் முதல் மார்ச் வரை டர்பனில் கடற்காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து சமையலறையை அழுத்தும் நாட்களில், ஃபிரிட்ஜைப் பற்றி எனக்கு வரும் முறையீடு பெரும்பாலும் ஒன்றேயாக இருக்கும். இரவும் பகலும் ஓடுகிறது, ஆனால் பால் இரண்டாம் நாளே திரிந்துபோகிறது, மீட்டரில் போட்ட மின்சாரம் மாத நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது என்பார்கள். அதற்குள் வீட்டில் யாரேனும் தெர்மோஸ்டாட் குமிழை ஆகப் பெரிய எண்ணுக்குத் திருப்பியிருப்பார்கள். அப்படியும் குளிராததால் தெர்மோஸ்டாட்தான் கெட்டுவிட்டது என்று முடிவும் செய்திருப்பார்கள். இந்த முடிவு பெரும்பாலும் தவறானது. ஏன் தவறு என்பது விளங்கிவிட்டால், எந்தச் சோதனையை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே சமையலறைக்குள் விடுகிறது. உள்ளே போதிய அளவு குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்துகிறது, சூடு ஏறியதும் மறுபடி ஓட்டுகிறது. தெர்மோஸ்டாட் ஓட்டும் நிலையிலேயே சிக்கிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது உள்ளே அளவுக்கு மீறிக் குளிர்ந்து, கீரையும் தக்காளியும் உறைந்துபோகும். நிற்காமல் ஓடியும் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால், தெர்மோஸ்டாட் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்: இன்னும் குளிரவில்லை, ஓடு என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் உள்ளிருக்கும் வெப்பம் வெளியேற முடியாமல் தடைபடுகிறது, அல்லது வெளிவெப்பம் ஓயாமல் உள்ளே நுழைகிறது. முன்னதற்கு முதற்காரணம் அழுக்கடைந்த கண்டென்சர் சுருள். பின்னதற்கு முதற்காரணம் இறுகப் பொருந்தாத கதவு ரப்பர், அதாவது காஸ்கெட்.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவின் ஃபிரிட்ஜை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒவ்வொரு படியையும் சொல்லுகிறேன். அது பன்னிரண்டு ஆண்டுப் பழையது. மேலே ஃப்ரீசர், கீழே ஃபிரிட்ஜ் என்று இரண்டு கதவுகள் உள்ளது. பின்புறம் கறுப்புக் கம்பி வலைபோன்ற கண்டென்சர் வெளியே தெரியும்படி அமைந்தது. சனிக்கிழமை வைத்த மீன் குழம்பு ஞாயிற்றுக்கிழமையே புளித்துவிட்டது என்று ஆயா வருந்திச் சொன்னபோதுதான் நான் அதைப் பார்க்கப் போனேன்.

முதலில் அளந்து பாருங்கள்

கையை உள்ளே விட்டுப் பார்த்து, குளிர் குறைவு என்று சொல்வது போதாது. கதவைத் திறந்த நொடியிலேயே உள்ளிருக்கும் காற்று மாறிவிடுகிறது. ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, அதற்குள் ஃபிரிட்ஜுக்கான சிறு வெப்பமானியை இட்டு, இரவு முழுவதும் கதவைத் திறக்காமல் விடுங்கள். காலையில் தண்ணீர் 3 முதல் 5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கவேண்டும். ஃப்ரீசரில் உறைந்த பொட்டலங்களுக்கு நடுவே வெப்பமானியைச் செருகி வைத்தால் 18 டிகிரி பூஜ்யத்துக்குக் கீழே காட்டவேண்டும். ஆயாவின் ஃபிரிட்ஜில் தண்ணீர் 11 டிகிரியிலும், ஃப்ரீசர் பூஜ்யத்துக்குக் கீழே 9 டிகிரியிலும் நின்றன. இந்த நிலையில் பல மணி நேரம் இருந்த சமைத்த மீனையும் இறைச்சியையும் முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்காமல் எறிந்துவிடுவதுதான் சரி.

எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையும் அளக்கவேண்டும். நம் வீடுகளில் இருக்கும் ப்ரீபெய்ட் மீட்டரே இதற்கு நல்ல கருவி. பெரும்பாலான மீட்டர்களின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும், அதன் அருகில் 1000 imp/kWh என்பதுபோல் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அந்த விளக்கு ஆயிரம் முறை சிமிட்டும் என்பது இதன் பொருள். கீசரை அதன் பிரேக்கரிலேயே அணைத்து, மற்ற எல்லாவற்றின் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, ஃபிரிட்ஜ் மட்டும் ஓடும்போது ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் இடையே எத்தனை விநாடிகள் ஆகின்றன என்று பாருங்கள். 3600ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் ஃபிரிட்ஜ் இழுக்கும் வாட் அளவு கிடைக்கும். மீட்டரில் வேறு எண் அச்சிட்டிருந்தால் கணக்கும் அதற்கேற்ப மாறும். ஆயாவின் வீட்டில் இடைவெளி 28 விநாடிகள், ஆகவே ஏறக்குறைய 129 வாட். ஒரு மணி நேரம் பார்த்தும் கம்ப்ரஸர் ஒருமுறைகூட நிற்கவில்லை. இடையறாமல் ஓடினால் நாளொன்றுக்கு 3 யூனிட்டுக்கு மேல் ஆகிறது.

இங்கே ஒன்றை எச்சரித்துச் சொல்லவேண்டும். நீண்ட நேரம் ஓடுவது எப்போதும் பழுதாகாது. இன்வர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள புதிய ஃபிரிட்ஜ்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஏறத்தாழ எந்நேரமும் ஓடும்படியே அமைக்கப்பட்டவை. லோட் ஷெடிங் முடிந்து மின்சாரம் திரும்பிய பிறகும், வார இறுதியில் பைகள் நிறைய வாங்கிவந்த இறைச்சியை உள்ளே அடுக்கிய பிறகும், எந்த ஃபிரிட்ஜும் பல மணி நேரம் ஓடத்தான் செய்யும். ஆகவே அப்படிப்பட்ட நாளில் அளக்காமல், வீடு வழக்கம்போல் இருக்கும் நாளில் அளப்பது நல்லது. அளந்த தண்ணீர் 5 டிகிரிக்குக் கீழே இருந்தால், ஓட்டம் நீண்டிருந்தாலும் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கண்டென்சர் சுருள்

உள்ளிருந்து எடுத்த வெப்பம் வெளியேறும் இடம் இதுதான். சமையலறையில் தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை கம்பிகளின்மேல் மெல்லிய பசையாகப் படிகிறது. தூசியும் பஞ்சும் நாயின் முடியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. நாளடைவில் அது கம்பளிபோல் சுருளைப் போர்த்திவிடுகிறது. வெப்பம் காற்றுக்குப் போக வழியில்லாதபோது குழாய்க்குள் இருக்கும் குளிர்பதன வாயுவின் அழுத்தமும் சூடும் ஏறுகின்றன, கம்ப்ரஸர் கூடுதல் மின்சாரத்தை இழுத்துக்கொண்டு குறைந்த வேலையைச் செய்கிறது. வெளியே வெயில் ஏறும் நாளில் இந்தக் கேடு இரட்டிப்பாகத் தோன்றும். குளிர்காலத்தில் ஒப்பேறிய ஃபிரிட்ஜ் ஜனவரியில் கைவிடுவதற்கு இதுவே காரணம்.

சுருள் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வகைகளில் பின்புறம் வெளியே தெரியும். சிலவற்றில் அடிப்பகுதியில், முன்புறச் சல்லடைத் தகட்டுக்குப் பின்னே, ஒரு சிறு விசிறியுடன் இருக்கும். புதியவை பலவற்றில் பக்கச் சுவர்களுக்குள்ளேயே புதைக்கப்பட்டிருக்கும். அந்த வகையில் துலக்குவதற்கு எதுவும் இல்லை, பக்கச் சுவர் தொட்டால் சூடாக இருப்பதும் இயல்பே. அதற்குச் செய்யவேண்டியது, சுவர்களைச் சுற்றிக் காற்று போக இடம் விடுவது மட்டுமே.

துலக்கும் முறை இது. பிளக்கை உருவிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. ஃபிரிட்ஜைச் சாய்க்காமல், நேராக முன்னே இழுங்கள். மென்மையான நீண்ட தூரிகையால் கம்பிகளின் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தட்டித் தூசியை விழவைத்து, வாக்குவம் கிளீனரின் குழாயை அருகில் பிடித்து உறிஞ்சுங்கள். எண்ணெய்ப் பசை விடாவிட்டால், பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். தண்ணீரைத் தெளிக்கக் கூடாது, ஏனெனில் அடியில் கம்ப்ரஸரின் மின் இணைப்புப் பெட்டி இருக்கிறது. கத்தி, ஸ்க்ரூடிரைவர் போன்ற எதையும் கம்பிகளுக்கிடையே விடவேண்டாம். உங்கள் ஃபிரிட்ஜின் பெயர்த்தகட்டில் ஆர்-600ஏ என்று இருந்தால் அந்த வாயு தீப்பற்றக்கூடியது. குழாயில் ஓட்டை விழுந்தால் அது சமையலறையில் பரவும். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகே பிளக்கைச் செருகவேண்டும்.

திரும்ப உள்ளே தள்ளும்போது, முன்பு இருந்த இடத்திலேயே ஒட்டிவைத்துவிட்டால் துலக்கிய பயன் பாதி போய்விடும். உங்கள் ஃபிரிட்ஜின் கையேடு எவ்வளவு இடைவெளி சொல்கிறதோ அவ்வளவு விடுங்கள். கையேடு தொலைந்திருந்தால் பின்புறம் 5 செ.மீ.க்குக் குறையாமலும், தலைக்கு மேல் 10 செ.மீ. அளவிலும் விடுவது பழைய பின்சுருள் வகைகளுக்கு ஏற்ற அளவு. ஆயாவின் வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதிய அலமாரிகள் கட்டியபோது ஃபிரிட்ஜை ஒரு மாடத்துக்குள் செருகியிருந்தார்கள். பின்புறம் ஒரு விரல் அகலம்கூட இல்லை, மேலேயும் அலமாரி மூடியிருந்தது. சூடான காற்று ஏறிப் போக வழியே இல்லை. இதை மட்டும் பார்த்திருந்தாலே பாதி நோய் புரிந்திருக்கும். சுருளைத் துலக்கி, ஃபிரிட்ஜை 6 செ.மீ. முன்னே இழுத்து, அலமாரியின் அடியில் காற்றுக்கு வழிவிட்டோம். மறுநாள் காலையில் தண்ணீர் 7 டிகிரி காட்டியது. 11லிருந்து 7க்கு வந்தது நல்ல மாற்றம். ஆனாலும் 5ஐ எட்டவில்லை, கம்ப்ரஸரும் மிக அரிதாகவே நின்றது. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்துவிடாமல் ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஓரிரவு காத்திருந்து அளக்கச் சொல்வது இதனால்தான். எது எவ்வளவு குறையைத் தீர்த்தது என்று தெரியாவிட்டால், மிச்சமிருக்கும் குறையைத் தேடவும் முடியாது.

கதவு ரப்பர்

காஸ்கெட் என்பது உள்ளே காந்தப் பட்டை ஓடும் மென்மையான விளிம்பு. கதவை உடலோடு இழுத்து ஒட்டவைப்பது அந்தக் காந்தமே. ஓரிடத்தில் சிறிது விலகியிருந்தாலும், வெப்பத்தோடு ஈரமும் உள்ளே போகிறது. டர்பனின் ஈரக்காற்றில் இது பெரிய கேடு. ஏனெனில் அந்த ஈரம் நீராகவும் பனியாகவும் மாறும்போது தன் வெப்பத்தையெல்லாம் உள்ளேயே விட்டுவிடுகிறது. ஆகவே விளிம்பை ஒட்டி நீர்த்துளிகள் நிற்பதும், ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் பனி தடித்திருப்பதும், கசிவு எந்தப் பக்கம் என்று சொல்லும் அடையாளங்கள்.

சோதிப்பதற்கு ஒரு பத்து ராண்ட் நோட்டு போதும். நோட்டின் பாதியை உள்ளே விட்டுக் கதவை மூடி, மெல்ல வெளியே இழுங்கள். ரப்பர் அதைப் பிடித்து, சிறிது தடுத்துத் தடுத்து விடவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிமானம் இல்லை. ஒரு சாண் இடைவெளிக்கு ஒருமுறை, இரண்டு கதவுகளையும் சுற்றிச் செய்யுங்கள். கீல் இருக்கும் பக்கத்தையும் நான்கு மூலைகளையும் விட்டுவிடாதீர்கள், பலர் கைப்பிடிப் பக்கத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஐயமிருந்தால், இரவில் எரியும் டார்ச்சை உள்ளே வைத்துக் கதவை மூடி, விளக்குகளை அணைத்துவிட்டு விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்; ஒளிக்கீற்று தெரியும் இடம் காற்று நுழையும் இடம்.

கசிவைக் கண்டவுடன் புதிய ரப்பர் வாங்கவேண்டும் என்பதில்லை. முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் ரப்பரின் மடிப்புகளையும், அது போய் ஒட்டும் உலோகப் பரப்பையும் துடையுங்கள். சிந்திய பாகும் பாலும் காய்ந்து ரப்பரைத் தூக்கி நிறுத்துவது அடிக்கடி நடப்பது. ரப்பர் உள்நோக்கி மடங்கி இறுகியிருந்தால், சூடான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் சிறிது நேரம் வைத்து இளக்கி, விரலால் விளிம்பை வெளியே இழுத்துவிட்டு, கதவை மூடிச் சில மணி நேரம் டேப் ஒட்டி வையுங்கள். முடி உலர்த்தும் கருவியையும் குறைந்த சூட்டில், ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்தபடி பயன்படுத்தலாம். ரப்பர் கிழிந்தோ வெடித்தோ இருந்தால் மாற்றத்தான் வேண்டும். பெயர்த்தகட்டில் உள்ள மாடல் எண்ணைக் காட்டியே வாங்குங்கள். அளவு ஏறக்குறைய ஒன்றுதானே என்று வாங்கும் ரப்பர் மூலைகளில் பொருந்துவதில்லை.

ரப்பர் நன்றாக இருந்தும் ஒரு மூலையில் நோட்டு வழுக்கினால் கதவே சாய்ந்திருக்கக்கூடும். முன்கால்களைச் சற்று உயர்த்தி, பாதி திறந்த கதவு தானே மூடிக்கொள்ளும்படி ஃபிரிட்ஜை மிகச் சிறிதளவு பின்னோக்கிச் சாய்த்து நிறுத்துங்கள். கதவுத் தட்டுகளில் இரண்டு லிட்டர் புட்டிகளை வரிசையாக அடுக்குவதும் கீலைத் தொங்கவைக்கும்.

ஆயாவின் ஃபிரிட்ஜில் கீழ்க்கதவின் கீல் பக்கத்துக் கீழ்மூலையில் நோட்டு தடையின்றி வந்தது. மாடத்துக்குள் இருந்த காலத்தில் கதவு முழுவதும் திறக்க இடமில்லாமல், ரப்பர் ஒவ்வொரு முறையும் நசுங்கி உள்ளே மடங்கியிருந்தது. துடைத்து, இளக்கி, இரவு முழுவதும் டேப் ஒட்டி வைத்தோம். அதற்கு அடுத்த நாள் தண்ணீர் 4 டிகிரியில் இருந்தது. ஆனால் மூன்றாம் நாள் கீழ்த்தட்டில் இருந்த கொத்தமல்லி உறைந்துவிட்டது என்று ஆயா என்னைத் திரும்ப அழைத்தார்.

தெர்மோஸ்டாட்

கொத்தமல்லி உறைந்ததற்குக் காரணம் குமிழ் இன்னும் 7லேயே இருந்ததுதான். ஃபிரிட்ஜ் குளிராத நாட்களில் ஆயாவின் பேரன் அங்கே திருப்பி வைத்தது அப்படியே இருந்தது. குமிழில் உள்ள எண்கள் டிகிரி அல்ல; பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் எண் கூடக்கூடக் குளிரும் கூடும். வெப்பத்தை வெளியேற்ற முடியாத ஃபிரிட்ஜில் அதைக் கூட்டுவதால் குளிர் கூடுவதில்லை, நிற்கவேண்டிய வேளையும் நிற்காமல் போவதுதான் மிச்சம். 4க்குக் குறைத்த பிறகு தண்ணீர் 4 டிகிரிக்கும் 5க்கும் இடையில் நிலைத்தது. கம்ப்ரஸர் ஏறக்குறைய 20 நிமிடம் ஓடி, 25 நிமிடம் நின்றது. ஓடும்போது மீட்டர் விளக்கின் இடைவெளி 30 விநாடி, அதாவது 120 வாட்; நாளொன்றுக்கு 3 யூனிட்டுக்கு மேல் போனது 1.3 யூனிட் அளவுக்கு வந்துவிட்டது.

குமிழ் வகைத் தெர்மோஸ்டாட் உண்மையிலேயே பழுதா என்று அறிய எளிய சோதனை உண்டு. கம்ப்ரஸர் ஓடும்போது குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். ஒரு சிறு 'டக்' ஒலி கேட்டு, கம்ப்ரஸர் உடனே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, தெர்மோஸ்டாட்டை மாற்றவேண்டும். நின்றால், 5 நிமிடமாவது பொறுத்து மறுபடி நடுவெண்ணுக்குத் திருப்புங்கள். குழாய்களில் அழுத்தம் சமனாகும் முன் ஓட்டினால் கம்ப்ரஸர் தொடங்க முடியாமல் திணறும், அதைக் கண்டு புதிய பழுது என்று மயங்க நேரும். சுருளும் ரப்பரும் சரியான பிறகு, தண்ணீர் 2 டிகிரிக்கும் கீழே இறங்கி நடுவெண்ணிலும் கம்ப்ரஸர் நிற்கவில்லை என்றால், அப்போதுதான் தெர்மோஸ்டாட்டின்மேல் ஐயப்படலாம். அப்போதும், குளிரை உணரும் மெல்லிய குழாயின் நுனி அதற்குரிய இடத்திலிருந்து விலகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பனியைக் கத்தியால் பெயர்க்கும் வீடுகளில் அது விலகிவிடுவதுண்டு. முகப்பில் எண் காட்டும் மின்னணு வகைகளுக்கு இந்தக் குமிழ்ச் சோதனை பொருந்தாது.

இன்னொரு சிறு சோதனையையும் செய்துவிடுங்கள். கதவு திறந்திருக்கும்போது விளக்குப் பொத்தானை விரலால் அழுத்தினால் உள்விளக்கு அணையவேண்டும். அணையாத பழைய குண்டு விளக்கு மூடிய பெட்டிக்குள் ஓயாமல் சூடேற்றிக்கொண்டிருக்கும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

மேற்சொன்ன மூன்றையும் செய்தும் தண்ணீர் 5 டிகிரிக்கு இறங்கவில்லை என்றால், கால் மணி நேரம் தொடர்ந்து ஓடிய பிறகு, பின்சுருளின் மேற்பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கம்ப்ரஸரின் மின்பெட்டிப் பக்கம் கையைக் கொண்டுபோகவேண்டாம். சுருள் நல்ல வெதுவெதுப்பாக இருந்தால் வாயு சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தும் சுருள் முழுவதும் சமையலறைச் சூட்டிலேயே இருந்தால், பெரும்பாலும் வாயு கசிந்திருக்கிறது, அல்லது கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது. பழைய வகைகளில் ஃப்ரீசர் தகட்டின் ஒரு முனையில் மட்டும் பனி படிந்து, மற்ற பகுதி வெறுமையாக இருப்பதும் வாயு குறைந்ததைக் காட்டும். இதை நாமாகச் சரிசெய்ய முடியாது. வருகிறவர் கசிவு எங்கே என்று தேடாமல் வாயுவை மட்டும் நிரப்பினால், அதே இடத்தின் வழியாக அது மறுபடி போய்விடும்; ஆகவே கசிவை அடைத்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பனி படியாத வகையில், ஃப்ரீசர் நன்றாகக் குளிர்ந்தும் கீழ்ப்பகுதி மட்டும் சூடாக இருந்தால், சுவருக்குப் பின்னே இருக்கும் குளிர்ச்சுருள் பனிக்கட்டியால் அடைபட்டிருக்கலாம், அல்லது உள்விசிறி நின்றிருக்கலாம். பிளக்கை உருவி, கதவுகளைத் திறந்து ஒரு நாள் முழுவதும் விட்டபின் சில நாட்கள் நன்றாகக் குளிர்ந்து, மறுபடி அதே குறை வந்தால், பனி உருக்கும் பாகம் பழுதாகிவிட்டது என்று தொழிலாளியிடம் சொல்லலாம்; அவர் முதலில் அங்கேயே பார்ப்பார்.

ஆயாவின் ஃபிரிட்ஜுக்கு அந்தத் தேவை வரவில்லை. சுருளை ஆண்டுக்கு இருமுறை, ஒருமுறை வெயில் காலம் தொடங்கும் முன் நவம்பரிலும், இன்னொரு முறை ஏப்ரலிலும் துலக்கும்படி பேரனிடம் சொல்லியிருக்கிறேன். வெப்பமானியும் டம்ளரும் இப்போது நடுத்தட்டிலேயே இருக்கின்றன.